ஏழு மணி நேரம் கிழக்கே: நீண்டநேர இன்சுலினை எந்தக் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டுக்கொள்வது?

தினமும் ஒரே நேரத்தில் நீண்டநேர இன்சுலின் போட்டுக்கொள்பவர் பல நேர மண்டலங்களைக் கடந்து பறக்கும்போது, "அங்கே போனதும் அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளலாம்" என்றுதான் முதலில் நினைக்கிறார். சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாவற்றுக்கும் அது சரிதான். இன்சுலினுக்கு மட்டும் அது அப்படியே பொருந்துவதில்லை. உடம்புக்குள் இருக்கும் மருந்துக்கு ஊர்க் கடிகாரம் தெரியாது. கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை மணி நேரம் ஆகிறது என்பது மட்டுமே அதன் கணக்கு. கிழக்கே பறந்தால் நாள் சுருங்குகிறது. அடுத்த ஊசி சீக்கிரம் வந்து, பழைய மருந்து தீருமுன் புதியது சேர்ந்துவிடுகிறது. மேற்கே பறந்தால் நாள் நீள்கிறது. பழையது தீர்ந்த பிறகும் அடுத்த ஊசி வருவதில்லை. முதலாவதில் சர்க்கரை தாழ்ந்துபோகும், இரண்டாவதில் ஏறும். இரண்டுமே கெடுதல்தான் என்றாலும், தெரியாத ஊரில் தூக்கத்தில் சர்க்கரை தாழ்வது சில மணி நேரத்துக்குள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், கிழக்குப் பயணத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு குறிப்பிட்ட கணக்கை வைத்துக்கொண்டு வழிகளை ஒப்பிடுவோம். முதல் வகை நீரிழிவு உள்ள ஒருவர், தினமும் இரவு 9 மணிக்கு 24 யூனிட் கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலின் போட்டுக்கொள்கிறார். சாப்பாட்டுக்குத் தனியாகத் துரித இன்சுலின். அவர் போகும் ஊர் 7 மணி நேரம் முன்னால் இருக்கிறது. திங்கள் இரவு 9 மணிக்கு வழக்கமான ஊசி. செவ்வாய் அதிகாலை 1 மணிக்கு விமானம். 11 மணி நேரப் பயணம். இறங்கும்போது அவருடைய ஊரில் பகல் 12, அங்கே மாலை 7. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று 24 யூனிட்டும் 24 மணி நேரத்தில் சமமாக, மணிக்கு ஒரு யூனிட் வீதம் வேலை செய்வதாக வைத்துக்கொள்கிறேன். உண்மையில் அது அத்தனை சீராக இருப்பதில்லை. ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் எந்த வழியில் எங்கே மருந்து கூடும், எங்கே குறையும் என்று பார்க்க இந்தக் கணக்கு போதும்.

முதல் வழி, எதையும் மாற்றாமல் வீட்டு நேரத்திலேயே இருந்துவிடுவது. மருந்தைப் பொறுத்தவரை இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. இடைவெளி எப்போதும் 24 மணி நேரம். ஆனால் வீட்டு இரவு 9 மணி, போன ஊரில் அதிகாலை 4 மணி. ஓரிரு நாள் அலாரம் வைத்து எழுந்து போட்டுக்கொள்ளலாம். பயணக் களைப்பில் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குபவருக்கு அது ஒத்துவராது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த வழி சிரமமாவது வித்தியாசம் 7 மணி நேரம் என்பதால்தான். 10 மணி நேரம் பின்னால் உள்ள ஊருக்குப் போனால் அதே வீட்டு இரவு 9 மணி அங்கே காலை 11 மணியாகிவிடும்; 12 மணி நேர வித்தியாசம் என்றால் காலை 9 மணி. அந்தப் பயணங்களில் ஊசியை நகர்த்தவே தேவையில்லை; அங்கே இருக்கும்வரை அது காலை ஊசியாக இருந்துவிட்டுப் போகட்டும். எனவே பயணச்சீட்டு கையில் வந்ததும் முதலில் போட வேண்டிய கணக்கு, "எத்தனை யூனிட் குறைப்பது?" என்பதல்ல; "என் ஊசி நேரம் அங்கே எத்தனை மணிக்கு வருகிறது?" என்பதுதான். விழித்திருக்கும் ஒரு நேரத்தில் வந்தால், பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இரண்டாவது வழி, இறங்கிய அன்றே அந்த ஊர் இரவு 9 மணிக்கு முழு 24 யூனிட் போட்டுக்கொள்வது. யோசிக்காமல் பலர் செய்வது இதுதான். அந்த இரவு 9 மணி, வீட்டில் பகல் 2 மணி. கடைசி ஊசி போட்டு 17 மணி நேரமே ஆகியிருக்கும். பழைய ஊசிக்கு இன்னும் 7 மணி நேர வேலை மிச்சம் இருக்கும்போது புதியது சேர்கிறது. நம் கணக்குப்படி இரவு 9 முதல் அதிகாலை 4 வரை மணிக்கு ஒரு யூனிட்டுக்குப் பதில் இரண்டு யூனிட். மொத்தம் 7 யூனிட் அதிகம். அதுவும் எப்போது? நீண்ட பயணத்தில் சரியாகத் தூங்காதவர் அசந்து தூங்கும் முதல் இரவில். இரவு உணவுக்குப் போட்ட துரித இன்சுலினும் அதன் மேல் இருக்கும். கிழக்கே இத்தனை தூரம் போகும்போது இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மூன்றாவது வழி, அதே 9 மணிக்கு, ஆனால் கடந்த நேரத்துக்கு ஏற்பக் குறைத்துப் போடுவது. 24 மணி நேரத்துக்கு 24 யூனிட் என்றால் 17 மணி நேரத்துக்கு 17 யூனிட். மறுநாளிலிருந்து பழையபடி 24. நேர மாற்றத்தின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இன்சுலினை 2 முதல் 4 சதவீதம் வரை குறைக்கலாம் என்ற பழைய விதியும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போகிறது. 7 மணி நேரத்துக்கு அது 14 முதல் 28 சதவீதம். மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவதும் இதைத்தான். நல்ல வழிதான், ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு.

அந்த 17 யூனிட், நாம் நினைப்பதுபோல 17 மணி நேரத்துக்குள் தீர்ந்துபோவதில்லை. அதுவும் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குப் பரவுகிறது, மணிக்கு சுமார் 0.7 யூனிட். ஆகவே முதல் 7 மணி நேரம் பழையது ஒன்று, புதியது 0.7, சேர்ந்து 1.7. மொத்தத்தில் கூடுதல் 5 யூனிட். அதன் பிறகு மறுநாள் இரவு வரை 17 மணி நேரம் 0.7 மட்டுமே, அங்கே 5 யூனிட் பற்றாக்குறை. கூட்டிக்கழித்தால் கணக்கு நேராகிறது. ஆனால் கூடுதல் அத்தனையும் முதல் இரவில், குறை அத்தனையும் மறுநாள் பகலில். குறைத்துப் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் தூங்கப்போனவர் நள்ளிரவில் வியர்த்து எழுவதற்கும், மறுநாள் பகல் முழுவதும் சர்க்கரை ஏறி நின்று "ஏன் இப்படி?" என்று குழம்புவதற்கும் காரணம் இதுவே. இந்த வழியை எடுப்பவர் முதல் இரவு உணவுக்கான துரித இன்சுலினை மருத்துவரிடம் கேட்டுக் குறைத்துக்கொள்ள வேண்டும். படுக்கும்போது சர்க்கரையை வழக்கத்தைவிடச் சற்று உயரத்தில், 140 முதல் 180 வரை, வைத்துக்கொள்வது நல்லது. நள்ளிரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் கட்டாயம் பார்க்க வேண்டும். மறுநாள் பகலில் ஏறும் சர்க்கரையைச் சாப்பாட்டு ஊசியோடு சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம். அதைப் பார்த்து மிரண்டு இரவு ஊசியை 24க்கு மேல் ஏற்றிவிடக் கூடாது.

நான்காவது வழி, கிளம்புவதற்கு முன்பே ஊசியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவருவது. வெள்ளி இரவு 9, சனி மாலை 7, ஞாயிறு மாலை 5, திங்கள் பிற்பகல் 3. செவ்வாய் வீட்டு நேரம் பகல் 2 மணிக்குப் போடும்போது அது அந்த ஊரில் இரவு 9. பழைய மருந்தின் மேல் புதியது வந்து விழும் இடிப்பு ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் மட்டுமே. அதாவது இரண்டு யூனிட்டுக்குள். அதுவும் சொந்த வீட்டில், விழித்திருக்கும் வேளையில், அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கும்போது. திட்டமிடப் பழகியவருக்கு இது மிகச் சரியான வழி. ஆனால் கிளம்பும் வாரம் எல்லோருக்கும் அலைச்சலான வாரம். பிற்பகல் 3 மணிக்கு ஊசிப்பேனா ஓர் இடத்தில், ஆள் வேறிடத்தில் என்று ஆகிவிடுகிறது. இடையில் ஒரு நாள் பிசகினால் எந்த நேரத்துக்கு எதைப் போட்டோம் என்பதே குழம்பிவிடும். விமானம் இரண்டு நாள் தள்ளிப்போனாலோ செய்த மாற்றம் வீண்.

ஐந்தாவது வழிதான் என் மனத்துக்கு மிகவும் ஒத்தது. வீட்டு நேரமும் வேண்டாம், அந்த ஊரின் இரவு 9 மணியும் வேண்டாம்; இரண்டுக்கும் பொருந்தும் மூன்றாவது ஒரு நேரத்தைத் தேர்ந்துகொள்வது. நம் பயணிக்கு ஊசி அதிகாலை 4 மணிக்கு வருகிறது. அதை முன்னால் இழுத்து இரவு 9க்குக் கொண்டுவர 7 மணி நேரம் வேண்டும். பின்னால் தள்ளிக் காலை 7க்குக் கொண்டுபோக 3 மணி நேரம் போதும். முன்னால் இழுப்பது மருந்தை இடிக்கவைக்கும், தள்ளிப்போடுவது இடிக்கவைக்காது. 3 மணி நேரத் தாமதத்தில் வரும் கெடுதல், சர்க்கரை ஓரளவு ஏறுவது மட்டும்தான். காலையில் பார்த்துச் சரிசெய்துவிடலாம்.

அந்த 3 மணி நேரத்தையும் வீட்டிலிருந்தே கழித்துக்கொள்ளலாம் என்பது இதில் இன்னும் வசதி. ஞாயிறு இரவு 9க்குப் பதில் 10.30, திங்கள் இரவு 12 மணிக்கு, விமானத்தில் ஏறுமுன் காத்திருக்கும்போதே, அடுத்தது. பயணம் முழுவதும் அந்த ஊசி வேலை செய்துகொண்டிருக்கும். நடுவானில் கிளார்ஜினைத் தொடவே வேண்டாம். இறங்கிய மாலையிலும் ஒன்றும் போட வேண்டியதில்லை. மறுநாள் காலை அந்த ஊரில் 7 மணி, அதாவது வீட்டில் இரவு 12, சரியாக 24 மணி நேரம் கழித்து முழு 24 யூனிட். எந்த நாளிலும் இடைவெளி 24 மணி நேரத்துக்குக் குறையவில்லை. அதைவிட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீளவும் இல்லை. அளவைக் கூட்டவோ குறைக்கவோ தேவைப்படவில்லை. அங்கே இருக்கும் நாள் எல்லாம் அது காலை ஊசி. வீடு திரும்பியதும் இரவு 12, பிறகு 11, 10, 9 என்று நாளுக்கு ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்தால் பழைய இடத்துக்கே வந்துவிடலாம். ஒரு மணி நேர இடிப்பு பெரும்பாலோருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இதற்கும் வரம்பு உண்டு. சிலருக்குக் கிளார்ஜின், அதிலும் சிறிய அளவில் போடுபவர்களுக்கு, 24 மணி நேரம் முழுதாகத் தாங்குவதில்லை. வழக்கமான நாட்களில் ஊசி நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்தே, சாப்பிடாமலே சர்க்கரை மெல்ல ஏறத் தொடங்குகிறது என்றால் அவர் அந்த வகை. அவருக்கு ஒன்றரை மணி நேரத் தாமதம்கூடச் சற்று உறைக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் மூன்று நாளாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இரண்டாவதாக, காலை ஊசிக்கு மாறியதும் எந்த வேளையில் சர்க்கரை தாழ்கிறது, எந்த வேளையில் ஏறுகிறது என்ற பழக்கமான ஓட்டம் கொஞ்சம் மாறலாம். முதல் மூன்று நாள் அடிக்கடி பார்க்க வேண்டும்.

டெக்லுடெக் என்ற இன்னும் நீண்டநேர இன்சுலின் போடுபவருக்கு இந்தத் தலைவலி குறைவு. அதன் செயல் 42 மணி நேரத்துக்கும் மேல் நீள்வதால் ஓரிரு மணி நேர இடிப்பும் தாமதமும் அதில் கரைந்துவிடுகின்றன. பெரியவர்களுக்கு இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது 8 மணி நேரம் இருந்தால் போதும் என்றே அதன் மருந்துக் குறிப்பு சொல்கிறது. 17 மணி நேரத்தில் இரவு 9க்கே போட்டுக்கொள்ளலாம். ஆனால் இதற்காகவே பயணத்துக்கு முந்தைய வாரம் கிளார்ஜினை விட்டு டெக்லுடெக்குக்கு மாறுவது தவறு. புது மருந்தின் சரியான அளவு பிடிபடவே சில வாரங்கள் ஆகும். அளவு கூடிப்போய்ச் சர்க்கரை தாழ்ந்தால், அதே நீண்ட செயல் காரணமாக, மறுபடி மறுபடி தாழும்.

காலை, இரவு இரண்டு வேளையும் கலவை இன்சுலின் போடுபவர் மேலே சொன்ன எதையும் தன் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் நீண்டநேர மருந்தும் சாப்பாட்டு மருந்தும் ஒரே பேனாவில் இருப்பதால் ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகர்கிறது. அவருக்கு மருத்துவர் தனியாகத்தான் திட்டம் போட வேண்டும். இன்சுலின் பம்ப் வைத்திருப்பவருக்கோ நீண்டநேர ஊசியே இல்லை. மணிக்கு மணி சிறிதளவு போய்க்கொண்டே இருக்கும். அவர் இறங்கியதும் பம்பின் கடிகாரத்தை மாற்றினால் போதும். ஆனால் இரவுக்கும் பகலுக்கும் பெரிய வித்தியாசத்தோடு அளவு வைத்திருந்தால் உடம்பு புது நேரத்துக்குப் பழக ஒரு சில நாள் விட்டு, இரண்டு மூன்று மணி நேரமாக நகர்த்துவது மேல்.

சாப்பாட்டுத் துரித இன்சுலினில் தேர்வுக்கே இடமில்லை: அது கடிகாரத்தைச் சேர்ந்ததல்ல, தட்டைச் சேர்ந்தது. சாப்பிட்டால் உண்டு, சாப்பிடாவிட்டால் இல்லை. விமானத்தில் வரும் தவறு ஒன்றே ஒன்று. உணவு வண்டி நான்கு வரிசை முன்னால் வந்துவிட்டதைப் பார்த்து ஊசியைப் போட்டுக்கொள்கிறார். அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கத் தொடங்குகிறது, இருக்கை வார் விளக்கு எரிகிறது, பணிப்பெண்கள் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். அடுத்த நாற்பது நிமிடம் சாப்பாடு இல்லை. உள்ளே மருந்து வேலையைத் தொடங்கிவிட்டது. எனவே தட்டு மடிப்பலகையில் வைக்கப்பட்டு, மூடியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே ஊசி. சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை கொஞ்சம் எகிறும்; எகிறட்டும். அதோடு, ஒரு துரித ஊசி அடங்க ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகும் என்பதை மறக்கக் கூடாது. விமானத்தில் இரண்டு சாப்பாடு மூன்று மணி நேர இடைவெளியில் வந்தால், சர்க்கரை ஏறியிருக்கிறதே என்று சரிசெய்யும் யூனிட்டையும் சேர்த்துப் போடுவது, முந்தையது முடியாமல் அடுத்ததை அடுக்குவதாகும்.

எந்த வழியை எடுத்தாலும் கைக்கடிகாரத்தை வீட்டு நேரத்திலேயே விட்டுவிடுவது பெரிய உதவி. கைபேசி இறங்கியதும் தானாகவே புது நேரத்துக்கு மாறிவிடும். அதில் வைத்த இரவு 12 மணி அலாரம் அந்த ஊர் இரவு 12க்குத்தான் அடிக்கும், அதாவது ஏழு மணி நேரம் முன்னதாக. தூக்கக் கலக்கத்தில் அதை நம்பி ஊசி போட்டவர்கள் உண்டு. கிளம்புமுன் ஒரு சிறு அட்டையில், ஊசி, அளவு, வீட்டு நேரம், அந்த ஊர் நேரம் என்று எழுதி, ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு அதில் ஒரு கோடு போட்டுவிட வேண்டும், "போட்டேனா இல்லையா?" என்ற சந்தேகம் வந்தால் அட்டைதான் சாட்சி. உண்மையிலேயே தெரியவில்லை என்றால், நீண்டநேர ஊசியை இன்னொரு முறை முழுதாகப் போட்டுவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரையைப் பார்த்து, ஏறினால் துரித இன்சுலினால் சமாளித்து, அடுத்த ஊசி நேரம் வரை கடத்துவதே பத்திரமானது. முதல் வகை நீரிழிவில் சர்க்கரை 250ஐத் தாண்டி நின்றால், இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலமான கீட்டோனையும் பார்க்க வேண்டும். அது ஏறினாலோ வாந்தி வந்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவ உதவி. இன்சுலின் எல்லாம் கைப்பையில்தான். சரக்கறையில் போகும் பெட்டிக்குள் அது உறைந்துபோகலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் நம்பத்தக்கதல்ல.

மேற்கே ஏழு மணி நேரம் பறப்பவருக்கு இதே கணக்கு எளிதாகிறது. இரவு 9 மணி ஊசி அந்த ஊரில் பகல் 2 மணிக்கு வருகிறது. விழித்திருக்கும் நேரம், சில நாள் தங்கலுக்கு அப்படியே விட்டுவிடலாம். வாரக்கணக்கில் தங்குவதென்றால் நாளுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளித் தள்ளி இரவுக்குக் கொண்டுபோகலாம். தள்ளுவதில் இடிப்பு வராது. முதல் நாளே 9 மணிக்குப் போடுகிறேன் என்று 31 மணி நேரம் காத்திருப்பது மட்டும் கூடாது. முதல் வகை நீரிழிவில் நீண்டநேர இன்சுலின் தீர்ந்த சில மணி நேரத்திலேயே கீட்டோன் சேரத் தொடங்கும்.

மற்ற மருந்துகளுக்கும் இந்த இரண்டு கேள்விதான்: உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கிறது, கூடினால் ஆபத்தா குறைந்தால் ஆபத்தா? தைராய்டுக்கான லெவோதைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். இறங்கிய மறுநாள் காலை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டால் போதும், நடுவில் பத்து மணி நேரம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றுமில்லை. 12 மணி நேரத்துக்கு ஒரு முறை போடும் அபிக்ஸபான் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அப்படியல்ல. பயணம் முழுதும் வீட்டுக் கடிகாரப்படி போட்டு, இறங்கிய பின் ஒரு சில மணி நேரமாக நகர்த்த வேண்டும், இரட்டிப்பாக ஒருபோதும் போடக் கூடாது. நடுக்குவாத நோய்க்கான லெவோடோப்பா ஒன்றரை மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடுவதால், விழித்திருக்கும் வரை கடந்த மணி நேரத்தை எண்ணியே எடுக்க வேண்டும். 17 மணி நேர நாளில் ஒரு வேளை குறையலாம், 31 மணி நேர நாளில் ஓரிரு வேளை கூடலாம், அந்தக் கூடுதலை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்திருக்க வேண்டும். வலிப்பு மாத்திரையில் தாமதம்தான் ஆபத்து. தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டும் என்பதால், கண்டிப்பாக வீட்டு இடைவெளியை விடக் கூடாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, "வெளிநாடு போகிறேன், இன்சுலின் எப்படி?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். மூன்று நான்கு வாரம் முன்பே, கிளம்பும் நேரம், இறங்கும் நேரம், உங்கள் ஊசி நேரம் அங்கே எத்தனை மணிக்கு வருகிறது, கடந்த இரண்டு வார இரவுச் சர்க்கரை அளவுகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போய், "காலை 7க்குத் தள்ளிக்கொள்ளலாமா, இல்லை 17 யூனிட் போடவா? முதல் இரவு உணவுக்கு எத்தனை குறைக்க?" என்று கேட்டால், அதே தாளில் அவர் எண்களை எழுதித் தர முடியும். அந்தத் தாளையே மடித்து ஊசிப்பேனாவோடு வைத்துக்கொள்ளலாம்.